எண்பது பாகை கிழக்கு, எழுபத்தொன்பது பாகை மேற்கு

கோப்பாய்ச் சந்திக்குக் கிட்ட அச்சகம் வைத்திருக்கும் தில்லைநாதன் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அதை அவர் மறைப்பதுமில்லை. பட்டம் பெற்றவர்கள் எழுதிய புத்தகங்கள் அந்த ஐந்தாம் வகுப்புக் கையால்தான் வெளியே வந்தன என்று, கேட்டவருக்கும் சொல்வார், கேளாதவருக்கும் சொல்வார். சொல்வதில் பொய் இல்லை. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் அச்சகத்தைக் கூட்டித் துடைக்கச் சேர்ந்தவர், ஈய எழுத்துக்களைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கப் பழகி, பிறகு கோக்கப் பழகி, பிறகு யந்திரத்தையே ஓட்டப் பழகி, கடைசியில் சொந்தமாக ஒரு யந்திரம் வாங்கினார். தொண்ணூற்றைந்துப் போரில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, யந்திரமும் இல்லை. மறுபடி முதலில் இருந்து தொடங்கினார். இன்றைக்கு ஒஃப்செற் யந்திரம் இரண்டும், கணினி இரண்டும், வாசலில் தன் பெயர் போட்ட பெரிய பலகையும் இருக்கின்றன. அந்தப் பலகையை எழுதியதும் அவரே.

இந்த மனிதரிடம் பெருமைக்குரிய விடயங்கள் பல உண்டு. ஆனால் அவர் தலைமேல் வைத்துக் கொண்டாடியது ஒன்றைத்தான். அவருடைய அச்சகத்தில் இருந்து போன எந்தப் புத்தகத்துக்குள்ளும் பிழைதிருத்தத் துண்டு வைக்கப்பட்டதில்லை. பிழைதிருத்தத் துண்டு என்றால் தெரியுந்தானே. புத்தகம் அடித்து முடிந்த பிறகு பிழை கண்டுபிடிக்கப்பட்டால், "இன்ன பக்கத்தில் இன்னபடி வாசிக்கவும்" என்று ஒரு சின்னத் தாளில் அடித்து உள்ளே செருகுவார்கள். தில்லைநாதன் அதை ஒரு வியாதி மாதிரிப் பார்த்தார். கலியாண அழைப்பிதழ், நினைவுமலர், கோயில் மலர், பாடசாலை மலர் என்று எவ்வளவோ அடித்திருக்கிறார். ஒரு துண்டு போனதில்லை.

இந்தப் பெருமைக்கு ஒரு சாட்சியும் ஓர் எதிரியும் உண்டு. இரண்டும் ஒரே ஆள்தான். தெல்லிப்பழையில் அச்சகம் வைத்திருக்கும் எட்வேர்ட். இருவரும் ஒரே அச்சகத்தில் ஒன்றாக எழுத்துக் கோத்தவர்கள். எட்வேர்ட் கெட்டிக்கார வேலைக்காரன்தான், ஆனால் கையில் வேகம் கூட. அவருடைய புத்தகம் எதை எடுத்தாலும் உள்ளே இருந்து ஒரு துண்டு நழுவி விழும். விழுந்தால் தில்லைநாதன் குனிந்து எடுத்து, "எட்வேட்டர், உம்மடை புத்தகத்திலை இருந்து ஒரு குட்டி விழுந்திட்டுது" என்று கையில் கொடுப்பார். இந்தப் பகிடி முப்பது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. எட்வேர்ட் கோபிப்பதில்லை. "உமக்கும் ஒரு நாள் பிறக்கும் காணும்" என்று மட்டும் சொல்வார்.

தில்லைநாதனின் வேலை முறை இது. வாடிக்கையாளர் எதைக் கொண்டுவந்தாலும், கடிதமானாலும் கைபேசிச் செய்தியானாலும், அதை அப்படியே கணினிக்கு விடமாட்டார். தானே உட்கார்ந்து நீலப் பேனையால் சுத்தமாகப் படி எடுப்பார். எடுக்கும்போது ஊத்தைகளைத் துடைத்துவிடுவார்: தேவையில்லாத புள்ளி, இரட்டைக் காற்புள்ளி, வரிக்கு முன்னால் இழுத்த கோடு. சரி பார்த்து முடிந்த வரிக்குச் சிவப்புப் பேனையால் ஒரு சரி போடுவார். சிவப்புச் சரி விழுந்த வரியை மறுபடி ஒருவரும் தொடக்கூடாது. பக்கம் கோக்கும் ஜெயகௌரி இந்த அச்சகத்துக்கு வந்து பதினைந்து வருடமாகிறது, அவளும் தொடமாட்டாள். சிவப்புச் சரியைத் தொட்ட பொடியன் ஒருவன் அடுத்த கிழமையே வேறு வேலை தேடிய கதை அவளுக்குத் தெரியும்.

போன வருடம் நீர்வேலியில் ஒரு வாசிகசாலைக்கு எழுபத்தைந்து வயதாயிற்று. மலர் அடிக்கும் வேலை தில்லைநாதனிடம் வந்தது. வாசிகசாலைச் செயலாளர் றமேஸ், வாழைத்தோட்டக்காரன். குலை வெட்டிச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, இடுப்பில் வாழைக்கறை படிந்த சாரத்தோடு நேரே அச்சகத்துக்கு வந்து நிற்பான். மலருக்குக் கைகொடுத்தது கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் ஊர்ச் சங்கம். அதன் தலைவர் கோபிசங்கருக்கு ஓர் ஆசை. நடுப்பக்கத்தில் இரண்டு வரைபடம் எதிரெதிராக வரவேண்டும். இடப்பக்கம் நீர்வேலி வாசிகசாலை, வலப்பக்கம் ரொறன்ரோவில் சங்கம் கூடும் மண்டபம். அதற்கென்று கொழும்பில் இருந்து வழுவழுப்பான தாள் எடுப்பித்தார்கள், கணக்காக ஒரு பாரத்துக்கு மட்டும். பாரம் என்றால் ஒரே தாளில் ஒரே தடவையில் அடிபடும் எட்டுப் பக்கம்.

"அண்ணை, படத்துக்குக் கீழை அந்த இடத்தின்ரை அகலக்கோடு, நெடுங்கோடு போடவேணுமாம்" என்றான் றமேஸ். "கோபிசங்கர் போனிலை அனுப்பியிருக்கிறார். ஆனால் அது புள்ளி வைச்ச எண். படத்தின்ரை ஓரத்திலை பாகையும் நிமிடமுமாய்க் கிடக்கு. அதுமாதிரியே கீழையும் வந்தால்தான் பாக்கிற ஆள் விரலை வைச்சு இடத்தைப் பிடிக்கலாம்."

சொன்னது சரிதான். வரைபடத்தின் சட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடு போட்டு அட்சரேகை, தீர்க்கரேகை எண் எழுதியிருந்தது. நீர்வேலிப் படத்தின் இடப்பக்க ஓரம் 80 பாகை 3 நிமிடத்தில் தொடங்கி, வலப்பக்க ஓரம் 80 பாகை 6 நிமிடத்தில் முடிந்தது. கீழ் ஓரம் 9 பாகை 42 நிமிடம், மேல் ஓரம் 44.

"உது ஒரு வேலையே தம்பி? நாளைக்கு வந்து பாரும்" என்றார் தில்லைநாதன். தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லி அவர் அச்சகம் வளர்க்கவில்லை.

றமேஸ் கோபிசங்கர் அனுப்பிய செய்தியைத் தில்லைநாதனின் கைபேசிக்கு அனுப்பிவிட்டுப் போனான். நீளமான செய்தி. "- தலைவர் உரை படத்தோடு வரவேண்டும்", "- அங்கத்தவர் பெயர்கள் அகரவரிசையில்", "- மண்டபத்தின் படம் பெரிதாக" என்று வரிக்கு வரி முன்னால் ஒரு கோடு. அடியில் எண்கள்:

நீர்வேலி 9.7128, 80.0745
ரொறன்ரோ 43.7764, -79.2577

தில்லைநாதன் நீலப் பேனையை எடுத்துப் படி எடுத்தார். வரிகளின் முன்னால் நின்ற கோடுகளைத் துடைத்துக்கொண்டே வந்தார். எழுபத்தொன்பதுக்கு முன்னால் நின்ற கோட்டையும் அதே கையோடு துடைத்தார். அச்சுக்காரனின் கண்ணுக்கு அதுவும் ஊத்தைதான்.

பிறகு எண்களைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் இது வந்ததாக நினைவில்லை. வந்திருந்தால் ஆறாம் வகுப்பில் வந்திருக்கும். ஆனால் மணிக்கூடு தெரியும். பஸ் நேரசூசியை எத்தனை தடவை அடித்திருக்கிறார். அதில் 5.12 என்றால் ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். புள்ளிக்கு இந்தப் பக்கம் மணி, அந்தப் பக்கம் நிமிடம். இதுவும் அப்படித்தான். புள்ளிக்கு முன்னால் பாகை, பின்னால் முதல் இரண்டும் நிமிடம், அடுத்த இரண்டும் செக்கன். 80.0745 என்பதை 80°07'45" என்று எழுதினார். ஏழு நிமிடம், நாற்பத்தைந்து செக்கன். கண்ணுக்கு அழகாக இருந்தது. நீர்வேலி கிழக்குப் பக்கம் என்பது தெரியும். கிழக்கு என்பதற்கு "கி" போட்டார். சிவப்புச் சரியும் போட்டார்.

அடுத்தது 9.7128. ஒன்பது பாகை, எழுபத்தொரு நிமிடம். பேனை நின்றது. எந்த மணிக்கூட்டில் எழுபத்தொரு நிமிடம் வரும்? கீழே பார்த்தார். 43.7764, எழுபத்தேழு நிமிடம். 79.2577, நிமிடம் சரி, செக்கன் எழுபத்தேழு. மூன்றும் மணிக்கூட்டுக்குள் அடங்க மறுத்தன.

அவருடைய குணத்துக்கு இன்னொருவரைக் கேட்பது லேசான காரியமல்ல. ஆனால் பிழையாக அடிப்பது அதைவிடக் கஷ்டம். "பிள்ளை ஜெயகௌரி, இஞ்சை ஒருக்கா வாரும். இந்த மூண்டையும் பாகை, நிமிடம், செக்கனாக்கவேணும். எப்பிடி எண்டு எனக்குத் தெரியும், நீர் எப்பிடிச் செய்யிறீர் எண்டு பாப்பம்."

ஜெயகௌரி அவரைப் பார்த்தாள். பதினைந்து வருடம் வேலை செய்தவளுக்கு அந்த வசனத்தின் பொருள் தெரியும்.

"ஐயா, ஒரு பரப்புக் காணி எத்தினை குழி?"

"பதினெட்டு. இதென்ன கேள்வி?"

"அப்ப புள்ளி அஞ்சு பரப்பெண்டு எழுதினால் அஞ்சு குழியோ?"

"விசர்க் கதை. அரைப் பரப்பு. ஒன்பது குழி."

"உதுதான் ஐயா. புள்ளிக்குப் பின்னாலை நிக்கிறது நிமிடமில்லை, பாகையின்ரை பங்கு. ஒரு பாகைக்கு அறுபது நிமிடம். அந்தப் பங்கை அறுபதாலை பெருக்கவேணும்." கைபேசியில் கணக்குப் பொறியைத் திறந்தாள். "புள்ளி ஏழு ஒண்டு இரண்டு எட்டு, தர அறுபது, நாப்பத்திரண்டு புள்ளி ஏழு ஆறு எட்டு. முழுவாய் வந்த நாப்பத்திரண்டும் நிமிடம். மிஞ்சின பங்கை இன்னொருக்கா அறுபதாலை பெருக்கினால் செக்கன். நாப்பத்தாறு. ஒன்பது பாகை, நாப்பத்திரண்டு நிமிடம், நாப்பத்தாறு செக்கன், வடக்கு."

"ஓம். நானும் அப்பிடித்தான் செய்யிறனான்."

"மற்றது நாப்பத்திமூண்டு பாகை, நாப்பத்தாறு நிமிடம், முப்பத்தஞ்சு செக்கன். இதுவும் வடக்குத்தான். கடைசி, எழுபத்தொன்பது பாகை, பதினைஞ்சு நிமிடம், இருபத்தேழு புள்ளி ஏழு செக்கன். இருபத்தெட்டெண்டு போடுவம். இது கிழக்கோ மேற்கோ ஐயா?"

தில்லைநாதன் தன் படியைப் பார்த்தார். 79. மேலே நீர்வேலிக்கு 80. ஒன்றுக்கு ஒன்று பக்கத்து எண்.

"கிழக்கு. ரண்டும் ஒரே அளவுதானே."

அவள் மேற்கொண்டு கேட்காததற்குக் காரணம் உண்டு. கைபேசிச் செய்தியை அவள் பார்க்கவில்லை. கோடு துடைத்த படியைத்தான் பார்த்தாள். எழுபத்தொன்பது என்று எழுதியிருந்தால் கிழக்குத்தான், பூச்சியத்துக்குக் குறைந்த எண்தான் மேற்கு. 80°07'45" வரியையும் அவள் கணக்குப் பார்க்கவில்லை. அதில் சிவப்புச் சரி இருந்தது. தில்லைநாதனும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அரைப் பரப்பு ஒன்பது குழி என்று தன் வாயாலேயே சொன்ன மனிதர், சரி போட்ட எண்ணை அந்தக் கணக்குக்குள் கொண்டுவரவில்லை. அது முடிந்த வேலை.

பாரம் யந்திரத்தில் ஏறியது. வழுவழுப்பான தாளில் இரண்டு படமும் எதிரெதிராக, ஓரம் ஒரு மயிரிழை விலகாமல் வந்தன. சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையைக் கொழும்பில் கொடுத்திருந்தாலும் இப்படி வந்திராது. அடித்த தாள்களைக் காயப்போட்டுவிட்டுத் தில்லைநாதன் அதன் முன்னாலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார், வருகிற ஆட்கள் பார்க்கட்டும் என்று.

வந்தவர் எட்வேர்ட். கறுப்பு மை ஒரு தகரப் பேணி கடன் கேட்க வந்தவர். மகன் குடும்பத்தோடு ரொறன்ரோவில் இருக்கிறபடியால் வலப்பக்கப் படத்தில் கண் போனது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல வேலை காணும். உமக்குக் கை வரும், சொல்லத்தான் வேணும்."

"சொல்லும், சொல்லும்."

"ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை. கனடா எப்ப கிழக்குக்கு வந்தது?"

"என்ன?"

"எழுபத்தொன்பது பாகை கிழக்கெண்டு போட்டிருக்கிறீர். என்ரை மோன் விடிய எழும்பேக்கை இஞ்சை பின்னேரமாப் போகுது. அவங்கள் மேற்குக் காணும். இங்கிலாந்துக்கும் அங்காலை."

தில்லைநாதன் எழுந்து போய் மேசையில் கிடந்த கைபேசியை எடுத்து, றமேஸ் அனுப்பிய செய்தியை அடிவரை தள்ளினார். எழுபத்தொன்பதுக்கு முன்னால் அந்தச் சின்னக் கோடு அப்படியே இருந்தது.

"பிள்ளை, இந்தக் கோடு என்னத்துக்கு?"

ஜெயகௌரி எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. "அது கழித்தல் அடையாளம் ஐயா. நெடுங்கோட்டுக்கு முன்னாலை கழித்தல் நிண்டால் மேற்கு. அகலக்கோட்டுக்கு நிண்டால் தெற்கு. எழுத்துப் போடேக்கை கோட்டை எடுத்துப்போட்டு 'மே' எண்டு போடவேணும்." அடித்த எண்ணைக் கைபேசியில் போட்டுப் பார்த்தாள். "நாங்கள் போட்டபடி பாத்தால் கசகஸ்தான் எண்டு காட்டுது."

"அங்கையும் எங்கடை சங்கம் ஒண்டு இருக்குமோ?" என்றார் எட்வேர்ட்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எட்வேர்டும் தன் பகிடியை மேலும் இழுக்கவில்லை. தில்லைநாதனின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

றமேஸுக்குச் செய்தி போய், அவன் மோட்டார்சைக்கிளில் வந்து சேர்ந்தான். வெளியீடு ஞாயிற்றுக்கிழமை. கோபிசங்கர் அதற்கென்றே கனடாவில் இருந்து வந்து நிற்கிறார். பாரத்தை மறுபடி அடிப்பதென்றால் தில்லைநாதன் அந்தக் கணத்திலேயே அடிக்கத் தயார். ஆனால் தாள் இல்லை. யாழ்ப்பாணத்தில் அந்தத் தாள் எவரிடமும் இல்லை, கொழும்பில் இருந்து வர ஞாயிறு கழிந்து அடுத்த கிழமையாகும்.

"அண்ணை, விடுங்கோ" என்றான் றமேஸ். "ஒரு எழுத்து. உதை ஆர் பாக்கப் போகினம்? சனம் தங்கடை படம் வந்திருக்கோ எண்டுதான் பாக்கும்."

"நான் பாத்திட்டன்" என்றார் தில்லைநாதன்.

"எட்வேட்டரும் பாத்தவர்" என்றாள் ஜெயகௌரி மெதுவாக.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றார் எட்வேர்ட். உண்மையாகவே சொன்னார். முப்பது வருடப் பகிடிக்குப் பழி வாங்கும் சந்தர்ப்பம் மடியில் வந்து விழுந்திருக்கிறது, மனிதர் அதைத் தொடவில்லை. அது தில்லைநாதனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பகிடி பண்ணியிருந்தால் திருப்பி ஒன்று சொல்லியிருக்கலாம்.

பேசாமல் விட்டால் துண்டு போகாத அச்சகம் என்ற பெயர் நிற்கும். ஆனால் பிழை போகாத அச்சகம் என்ற பொருள் போய்விடும். தான் இவ்வளவு காலம் பெருமைப்பட்டது எதை என்று அவர் அதுவரை பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்துப் பார்த்தபோது விடை சுணங்கவில்லை.

"எட்வேட்டர்."

"சொல்லும்."

"அந்தத் துண்டு எப்பிடி அடிக்கிறது?"

எட்வேர்ட் கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கினார். "இரும் காணும். உது சும்மா வேலையில்லை. நாலு நிரல் போடவேணும். பக்கம், வரி, பிழை, சரி. 'சரி' எண்ட நிரலைக் கறுப்பாத் தடிப்பா அடிக்கவேணும். ஆக்கள் பிழையைப் பாடமாக்கிக்கொண்டு போகக்கூடாது. பேந்து, பசை மேலோரத்திலை மட்டும். முழுக்கப் பூசினால் தாள் நெளியும்."

"பக்கத்துக்கு முன்னாலையோ பின்னாலையோ ஒட்டுறது?"

"முன்னாலை. பிழை வரமுன்னம் சரி வரவேணும்." இதைச் சொன்னபோது எட்வேர்டின் குரலில் ஒரு மிடுக்கு வந்தது. எதில் தேர்ச்சி இருந்தாலும் தேர்ச்சி தேர்ச்சிதான். "இன்னும் ஒண்டு. அதுதான் பெரிசு. துண்டு அடிக்க முன்னம் முழுப் பாரத்தையும் மூலத்தோடை வைச்சு வாசிக்கவேணும். உம்மடை நீலப் பேனைப் படியோடை இல்லை. வந்த மூலத்தோடை. நான் ஒருக்கா அப்பிடிச் செய்யாமல் துண்டுக்கே ஒரு துண்டு அடிச்சனான்."

"அது எனக்குத் தெரியும். என்னட்டைத்தானே விழுந்தது."

"ஓம். குட்டி போட்ட குட்டி எண்டு நீர்தான் பேர் வைச்சனீர்."

வாசித்தார்கள். றமேஸ் கைபேசியைப் பார்த்துச் சொல்ல, எட்வேர்ட் அடித்த தாளில் விரல் வைத்துப் போனார். பெயர்கள் சரி. படத் தலைப்புகள் சரி. 9.7128 என்று றமேஸ் வாசிக்க, ஜெயகௌரி கணக்குப் பொறியில் போட்டாள், சரி. 80.0745 என்றான்.

"அது சரி. சிவப்புப் போட்டது" என்றார் தில்லைநாதன்.

எட்வேர்ட் விரலை எடுக்கவில்லை. "இது எத்தினை நிமிடம் எண்டு போட்டிருக்கு? ஏழு. படத்தின்ரை வலப்பக்க ஓரம் எத்தினை? ஆறு." விரலைத் தாளின் குறுக்கே ஓட்டி, சட்டத்தைத் தாண்டி வெள்ளை ஓரத்துக்குக் கொண்டு போனார். "அப்ப வாசிகசாலை எங்கை காணும் இருக்கு? படத்துக்கு வெளியாலையோ?"

ஜெயகௌரி அதற்குள் பெருக்கிவிட்டாள். "புள்ளி பூச்சியம் ஏழு நாலு அஞ்சு, தர அறுபது, நாலு புள்ளி நாலு ஏழு. நாலு நிமிடம். மிச்சம் இருபத்தெட்டுச் செக்கன். எண்பது பாகை, நாலு நிமிடம், இருபத்தெட்டுச் செக்கன்." அவள் சிவப்புச் சரியைப் பார்த்தாள். "ஐயா, இது பாக்க மணிக்கூடு மாதிரிச் சரியாத்தான் இருந்தது."

"எவ்வளவு தூரம் பிழை?" என்று கேட்டான் றமேஸ்.

"மூண்டே கால் நிமிடம் அளவிலை. ஒரு நிமிடம் கிட்டத்தட்ட ஒண்டே முக்கால், ரண்டு கிலோமீற்றர். ஆறு கிலோமீற்றர் கிழக்காலை போட்டுது."

நீர்வேலி வாழைத்தோட்டக்காரனுக்கு ஆறு கிலோமீற்றர் கிழக்கே என்ன இருக்கிறது என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. உவர் நிலமும் நீரேரியும்.

தில்லைநாதனுக்குக் கனடா பிழையானது ஒரு மாதிரி, இது வேறு மாதிரி. கனடாவை அவர் கண்டதில்லை. அந்த வாசிகசாலைக்குச் சைக்கிளில் போய் ஓசிப் பத்திரிகை வாசித்துத்தான் ஐந்தாம் வகுப்பு எழுத்தை அச்சுக்காரன் எழுத்தாக்கினார். அதைத் தன் கையாலேயே தூக்கி உப்புத் தண்ணீரில் போட்டிருக்கிறார், மேலே ஒரு சிவப்புச் சரியும் போட்டு.

சிவப்புப் பேனையைச் சட்டைப் பையில் இருந்து எடுத்து மேசை இலாச்சிக்குள் போட்டார். "பிள்ளை, கணினியிலை ஒரு துண்டைத் திறவும். நான் சொல்லுறன், நீர் அடியும். எண்ணை நான் சொல்லமாட்டன், அது நீர் போடும்."

துண்டு இப்படி வந்தது. நடுப்பக்கம், இடப்பக்கப் படம்: 80°07'45" கி என்பது 80°04'28" கி என இருக்கவேண்டும். வலப்பக்கப் படம்: 79°15'28" கி என்பது 79°15'28" மே என இருக்கவேண்டும். அதன் கீழே, எட்வேர்ட் சொல்லாத ஒரு வரியைத் தில்லைநாதன் தானாகச் சேர்த்தார்: "இப்பிழைகள் மலர்க்குழுவினுடையவை அல்ல; அச்சகத்தினுடையவை. சி. தில்லைநாதன், கோப்பாய்."

"உப்பிடி ஒருத்தரும் போடுறேல்லை காணும்" என்றார் எட்வேர்ட். "நான் எப்பவும் 'அச்சுப்பிழை' எண்டு பொதுவாய்ப் போட்டுவிடுவன். பேய் வந்து அடிச்ச மாதிரி."

"அதுதான் உம்மடை துண்டு. இது என்ரை துண்டு."

வழுவழுப்பான தாளில் வெட்டி எடுத்த ஓரத் துண்டுகள் மிச்சம் இருந்தன. பாரத்துக்குப் போதாது, துண்டுக்குப் போதும். அதில் அடித்தார். நான்கு ஓரமும் ஒரே அளவு, மை கறுப்பு என்றால் கறுப்பு. இந்தக் குடாநாட்டில் அவ்வளவு திறமான பிழைதிருத்தத் துண்டு அதற்கு முன் வந்திருக்காது. பின்னும் வந்ததாகத் தெரியவில்லை. ஒட்டும் வேலைக்கு எட்வேர்டும் இருந்தார். மேலோரத்தில் மட்டும் பசை.

ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டில் கோபிசங்கர் மலரை விரித்ததும் முதலில் கண்டது துண்டைத்தான். நின்றபடியே வாசித்தார். பிறகு கைபேசியை எடுத்து எதையோ ஒப்பிட்டுப் பார்த்தார். மண்டபத்தின் பின்வரிசையில் இருந்த தில்லைநாதன் கழுத்தை நீட்டி அந்தக் கைபேசியையே பார்த்தார்.

கூட்டம் முடிந்து கோபிசங்கர் அவரிடம் வந்தார். "ஐயா, நான் கோட்டோடை அனுப்பாமல் மேற்கெண்டு எழுதியிருக்கலாம்."

"நீங்கள் சரியாத்தான் தம்பி அனுப்பினீங்கள். நான்தான் துடைச்சனான்."

"நாங்கள் எழுபத்தொன்பது, நீங்கள் எண்பது எண்டு நான் கவனிக்கேல்லை. பூமியைச் சுத்தி அங்காலை இங்காலை, எண் கிட்டத்தட்ட ஒண்டு." துண்டை மறுபடி பார்த்தார். "எழுத்து மாறினால் எங்கையோ போயிடுவம், என்ன?"

"கசகஸ்தானுக்கு" என்றார் தில்லைநாதன்.

அதற்குப் பிறகும் அவர் பெருமை பேசுவதை நிறுத்திவிட்டார் என்று நினைக்கவேண்டாம். அப்படி நிறுத்தக்கூடிய ஆளில்லை. வசனம் மட்டும் மாறியிருக்கிறது. "என்ரை அச்சகத்திலை ஒரே ஒரு துண்டுதான் போனது, அதிலை ஒரு பிழையும் இல்லை" என்று இப்போது சொல்கிறார். கைபேசிச் செய்தி வந்தால் ஜெயகௌரியும் பக்கத்தில் இருக்கத்தான் படி எடுக்கிறார். எண்ணுக்கு முன்னால் ஒரு கோடு நின்றால், "இது நிக்கவேணுமோ, போகவேணுமோ?" என்று கேட்கிறார். "எப்பிடி எண்டு எனக்குத் தெரியும்" என்ற முன்னுரை இப்போதும் வரும்.

கொஞ்ச நாள் கழித்து, கடன் கொடுத்த மைப் பேணியைத் திருப்பி வாங்கத் தெல்லிப்பழைக்குப் போனார். எட்வேர்டின் அச்சகத்துச் சுவரில், யேசுவின் படத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கண்ணாடிச் சட்டம் புதிதாகத் தொங்கியது. உள்ளே அந்தத் துண்டு.

"என்ன காணும் இது?"

"முப்பது வருசமாய்க் காத்திருந்தனான். மடிச்சு வைக்க மனமில்லை."

தில்லைநாதன் கிட்டப் போய்ப் பார்த்தார். இரண்டு வரியையும் விரலால் தொட்டு வாசித்தார், நான்கு நிமிடம், இருபத்தெட்டுச் செக்கன், கிழக்கு; பதினைந்து நிமிடம், இருபத்தெட்டுச் செக்கன், மேற்கு. எல்லாம் சரி. சட்டம் மட்டும் வலப்பக்கம் கொஞ்சம் சரிந்து தொங்கியது.

"ஒரு சட்டத்தைக் கூட ஒழுங்காய்க் கொழுவத் தெரியாது உமக்கு" என்று சொல்லி, அதை நேராக்கிவிட்டு, மைப் பேணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.